பச்சை அங்கிக்காரன்

ரப்பர் தோட்டத்துக் கூலிக் குடும்பங்களின் லயத்தில், எங்கள் வீட்டில் சாமி படங்கள் வரிசையாக இருந்த சுவரில், சாமியே இல்லாத படம் ஒன்றும் தொங்கியது. சிரம்பான் டவுனில் மிஷன் பள்ளியில் படித்தபோது அண்ணன் வாங்கிய பரிசு அது. ஏதோ ஒரு தேசத்து மாதா கோயிலின் வண்ணக் கண்ணாடி ஜன்னலைப் புகைப்படம் எடுத்து, கையால் நிறம் தீட்டியிருந்தார்கள். அம்மா அதற்கும் சேர்த்தே சூடம் காட்டுவாள். எந்தச் சாமியையும் பகைத்துக்கொள்ளக் கூடாது என்பது அவள் கொள்கை.

ஜன்னலில் ஒன்றின் மேல் ஒன்றாக நான்கு கட்டங்கள். புத்தகம் படிக்கிற பழக்கத்தில் நான் மேலிருந்து தொடங்கினேன். ஒரு பெரியவர் ஒருவனைக் கட்டிக்கொள்கிறார். அடுத்து அவன் பன்றிகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறான். அதன் கீழே விருந்து. கடைசியில் மூட்டையோடு வீட்டை விட்டுப் போகிறான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“மக்கு, இத கீழேர்ந்து மேல படிக்கணும்லா,” என்றான் அண்ணன். “கீழ மண்ணு, மேல வானம். கத மேல ஏறும். பாரு, பங்கப் பிரிச்சுக்கிட்டுப் போறான், கூத்தடிக்கிறான், பன்னி மேய்க்கிறான், அப்பறம் வீட்டுக்கு வர்றான்.”

எல்லா முகமும் ஒன்றுபோல இருக்கிறதே, இவன்தான் அவன் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். முகத்தை விட்டுவிடு, நிறத்தைப் பிடித்துக்கொள் என்றான். மகன் எல்லாக் கட்டத்திலும் பச்சை. துளிர் மாதிரி, நம்பிக்கையின் நிறம். அப்பாவின் சிவப்பு அன்பு. விருந்துக்கு வந்த கூட்டாளிகளின் மங்கிய மஞ்சள் வஞ்சகம். பின்னால் இருக்கும் நீலம் வானம், அது யாரையும் விட்டுப் போகாது. இடையில் ஓடும் கறுப்புக் கோடுகளை நான் விரிசல் என்று நினைத்திருந்தேன். அவை ஈயப் பட்டைகளாம். துண்டுக் கண்ணாடிகளைப் பிடித்து நிறுத்துவதே அவைதானாம். பன்றிக் கட்டத்தில் அங்கி கிழிந்து, தோளில் மட்டும் கொஞ்சம் பச்சை மிஞ்சியிருந்தது. மேல் கட்டத்தில் அப்பா தன் சிவப்புப் போர்வையால் மகனை மூடியதில், கழுத்தோரம் ஒரு கீற்றுப் பச்சைதான் தெரிந்தது.

காட்டுக்குள் இருந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளைப் பிடிக்க வெள்ளைக்காரர்கள் அவசரகாலம் அறிவித்தார்கள். தொழிற்சங்கத்தில் இருந்தவர்களை லாரியில் ஏற்றினார்கள். சங்கத்துக்கு எழுத்து வேலை பார்த்த அண்ணன், அதற்கு முன்பே ரப்பர் மரங்களுக்குப் பின்னால் இருந்த காட்டுக்குள் போய்விட்டான். தீபாவளிக்கு அம்மா தைத்துக் கொடுத்த பச்சைச் சட்டையோடு போனான். எங்கள் லயத்தைச் சுற்றி முள்கம்பி வந்தது. காட்டுக்குச் சோறு போகிறதா என்று, வேலைக்குப் போகிறவர்களின் சோற்றுத் தூக்கைக் கூடத் திறந்து பார்த்தார்கள். நான் தினமும் படத்தின் முன் நின்று, அண்ணன் இப்போது பன்றிக் கட்டத்தில் இருக்கிறான், இன்னும் ஒரு கட்டம்தான் என்று அம்மாவிடம் சொல்வேன். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒரு காலை தோட்டத்து ஆபீசுக்கு முன்னால் இருந்த திடலில் மூன்று உடல்களைக் கிடத்தியிருந்தார்கள். காட்டில் சுடப்பட்டவர்கள். காட்டுக்கு ஆள் போன வீட்டுக்காரர்களை வரச் சொன்னார்கள். அடையாளம் காட்டினால் குடும்பத்தையே முகாமில் அடைத்து, கப்பலேற்றி, தாத்தா காலத்தில் விட்டு வந்த ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று லயத்தில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஊர் என்று ஒன்றை நான் பார்த்ததே இல்லை.

மூன்றாவது உடலின் முகம் சேறும் ரத்தமுமாக இருந்தது. வெள்ளைக்கார அதிகாரிக்குப் பக்கத்தில் நின்ற, தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி, “நல்லாப் பாரும்மா, ஒன் மவன்தானே?” என்றார்.

அம்மா குனிந்தாள். ஈயை விரட்டினாள். திறந்திருந்த காக்கிச் சட்டையைக் கழுத்துவரை இழுத்து மூடி, பட்டனைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

“இல்லிங்க ஐயா. யாரு பெத்த புள்ளையோ.”

கிராணி என் பக்கம் திரும்பினார். முகத்தை விட்டு நிறத்தைப் பிடித்துக்கொள்ளும் வித்தை எனக்குத்தான் தெரியுமே. “எங்கண்ணன் பச்ச சட்டைங்க. இது காக்கி,” என்றேன். அவர் அதை இங்கிலீஷில் சொன்னார். வெள்ளைக்காரர் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, போகலாம் என்று கையைக் காட்டினார்.

வீட்டுக்குள் நுழையாமல் அம்மா நேரே பொதுக் குழாயடிக்குப் போனாள். கட்டியிருந்த சேலையோடு உட்கார்ந்து வாளி வாளியாகத் தலைக்கு ஊற்றிக்கொண்டாள். செவ்வாயும் இல்லை, வெள்ளியும் இல்லை. ஏன் என்று கேட்டேன்.

“வெயிலு,” என்றாள்.

வானம் மூட்டமாகத்தான் இருந்தது. பெரியவர்களுக்கு வெயில் வேறு மாதிரி அடிக்கும்போல என்று எண்ணிக்கொண்டு உள்ளே போனேன். அண்ணன் சாகவில்லை என்ற சந்தோஷத்தில் படத்தின் மேல் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெரியவர் கழுத்துவரை இழுத்து மூடுவது குளிருக்காக என்றுதான் அன்று நினைத்தேன்.