சண்டை வராததற்குக் காரணம்

நான் சந்தேகப் பிராணி. இதை என் வீட்டில் சொல்வார்கள், ஸ்டாஃப் ரூமிலும் சொல்வார்கள். பொன்னேரிக் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு ஆங்கிலக் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுத்த வருடங்களில் அந்தக் குணம் எனக்கு நன்றாகவே உதவியது. ஒரு கட்டுரை திடீரென்று நன்றாக இருந்தால் எனக்குச் சந்தோஷம் வராது. யார் எழுதிக் கொடுத்தது என்ற கேள்விதான் முதலில் வரும்.

அந்த வருடம் நாங்கள் கொடுத்த தலைப்பு 'என் ஊர்'. ஐந்து பத்தி. ஒவ்வொரு பத்திக்கும் ஒரு டாபிக் சென்டென்ஸ் இருக்க வேண்டும். பத்தி எதைப் பற்றியது என்று சொல்லும் வாக்கியம் அது. மற்ற எல்லா வாக்கியங்களும் அதையே தாங்க வேண்டும், வேறு பக்கம் ஓடக் கூடாது. ஒரு பத்தியிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது வாசகன் தடுக்கி விழாமல் இருக்க ஓர் இணைப்பு வேண்டும். மார்க் இவற்றுக்குத்தான். இலக்கணப் பிழைக்குக் கொஞ்சம்தான் குறைப்போம்.

எங்கள் துறைத் தலைவர் முதலில் திருத்துவார், நான் இரண்டாவதாகப் பார்ப்பேன். ஒரு மதியம் இரண்டு தாள்களை என் மேஜையில் போட்டார்.

"மூணாவது பத்தியப் பாருங்கம்மா. ரெண்டுலயும் ஒண்ணுதான்."

ஒன்று பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்துப் பெண்ணுடையது. முன் பெஞ்சில் உட்காருவாள், கேட்டால் மட்டும் பேசுவாள். மற்றொன்று அதே குப்பத்துப் பையனுடையது. அவன் ஒரு மாதமாக வகுப்புக்கே சரியாக வரவில்லை. இருவரும் ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள். எனக்கு அப்போதே ஒரு மாதிரியாக இருந்தது.

துறைத் தலைவர் தீர்ப்பையும் கையோடு கொண்டு வந்திருந்தார். அசல் பையனுடையது, பெண் காப்பியடித்திருக்கிறாள் என்றார். காரணமும் இருந்தது. அந்தப் பத்தியின் கடைசியில் அவள் தாளில் மட்டும் ஒரு வாக்கியம் கூடுதலாக இருந்தது. அதைச் சுற்றி அவர் சிவப்பு மையால் வளையம் போட்டு, ஓரத்தில் 'யூனிட்டி இல்லை', அதாவது வாக்கியம் வேறு பக்கம் ஓடுகிறது, என்று எழுதியிருந்தார்.

"சுத்தமா இருக்கறதுதான் அசல். காப்பியடிக்கிறவங்க மறைக்கறதுக்காக ஒண்ணு ரெண்டு சேர்ப்பாங்க, அங்கதான் மாட்டுவாங்க," என்றார்.

கல்லூரி விதி இதில் கறார். காப்பியடித்தவருக்கு இன்டர்னலில் பூஜ்யம், வீட்டுக்குச் செய்தி, அப்பா வந்து கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டேன். காப்பியடித்தாயா என்றதற்கு இல்லை என்றாள். அவன் காப்பியடித்தானா என்றதற்கும் இல்லை என்றாள். பிறகு எப்படி என்று கேட்டதும் வாய் திறக்கவில்லை. போகும்போதுதான் ஒன்று சொன்னாள்.

"பூஜ்யம் வேணா போடுங்க மேம். நைனாவ மட்டும் கூப்டாதீங்க. காலேஜ்லருந்து ஒரு பேச்சு வந்துச்சுனா அன்னியோட நிறுத்திடுவேன்னு சொல்லித்தான் சேர்த்தாரு."

எனக்கு இரக்கம் வரவில்லை, சந்தேகம்தான் ஏறியது. குற்றமில்லாதவள் எதற்கு வாயை மூடிக்கொள்கிறாள்? பூஜ்யத்தை ஏன் தானே கேட்டு வாங்குகிறாள்? இரண்டு பேரும் சேர்ந்து எதையோ மறைக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். ஆட்களைப் பார்த்தது போதும், தாளைப் பார்க்கலாம் என்று இரண்டையும் வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

அந்தப் பத்தி தமிழில் சொன்னால் இப்படி இருந்தது: 'சண்டை வராததற்குக் காரணம், எங்கள் ஏரியில் தண்ணீர் ஆளுக்குச் சொந்தமில்லை, முறைக்குச் சொந்தம். எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முடிவு செய்யும். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். தன் பாடு இல்லாத நாளில், கண்ணெதிரே இறால் ஓடினாலும் யாரும் அங்கே வலை இறக்க மாட்டார்கள்.' பையனுடைய பத்தி இத்துடன் முடிந்தது. அவளுடையதில் சிவப்பு வளையத்துக்குள் இன்னும் ஒன்று: 'ஒருவர் நோயில் படுத்துவிட்டால், அவருடைய பாடு நாளில் வேறொருவர் போய் வலை கட்டி, பங்கை அவர் வீட்டில் கொடுத்துவிட்டு வருவார்.'

பத்தியை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் துறைத் தலைவர் சொன்னதுதான் சரி என்று தோன்றியது. முறையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்த பத்தி, கடைசியில் நோயாளியிடம் போய்விடுகிறது. ஆனால் பத்தி தனியாகப் பிறப்பதில்லை. முன்னால் ஒன்று இருக்கும், பின்னால் ஒன்று இருக்கும்.

பையனுடைய கட்டுரையில் முந்தைய பத்தி டச்சுக்காரர் கல்லறை பற்றியது. வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகள், தலைக்கல்லில் கப்பல், புரியாத எழுத்து. அதை முடித்துவிட்டு அடுத்த வரியில் 'சண்டை வராததற்குக் காரணம்' என்று தொடங்குகிறான். எந்தச் சண்டை? யாருக்கும் யாருக்கும்? கல்லறைக்குள் படுத்திருக்கும் டச்சுக்காரர்களுக்குள்ளா? வாய்விட்டுச் சிரித்தேன். அதற்குப் பிறகு 'ஆனாலும்' என்று ஆரம்பித்து பூநாரைகளுக்குப் போகிறான். எதற்கு ஆனாலும்? அந்தப் பத்தி அங்கே வேறு வீட்டுக் கல்யாணத்தில் நுழைந்தவன் போல உட்கார்ந்திருந்தது.

பெண்ணுடைய தாளில் முந்தைய பத்தி இப்படி முடிந்திருந்தது: 'ஏரி ஒன்று, வலைகள் நூறு, ஆனால் யாரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை.' அடுத்த பத்தி அதைக் கையில் வாங்கிக்கொண்டு காரணம் சொல்கிறது. பத்தியின் முதல் வாக்கியமே பாலமாகவும் இருக்கிறது, டாபிக் சென்டென்ஸாகவும் இருக்கிறது. நான்காவது பத்தி எப்படித் தொடங்குகிறது என்று பார்த்தேன். 'அந்தப் பங்கை வாங்கி வைப்பது வீட்டுப் பெண்கள்.' அங்கிருந்து இறால் பிரிப்பது, ஏலத்துக்குக் கூடை தூக்குவது என்று பெண்களின் வேலைக்குப் போகிறது.

'அந்தப் பங்கை.' எந்தப் பங்கு? வளையத்துக்குள் இருக்கும் பங்கு. அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டால் அடுத்த பத்தி அந்தரத்தில் நிற்கும். மறைப்பதற்காகக் கடைசியில் ஒட்ட வைத்த வாக்கியத்தின் மேல் ஒரு முழுப் பத்தியை யாரும் கட்ட மாட்டார்கள். திரும்பப் படித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. அது விஷயத்தை விட்டு விலகவே இல்லை. தண்ணீர் ஆளுக்குச் சொந்தமில்லை, முறைக்குச் சொந்தம் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேறில்லை. ஆள் படுத்துக் கிடந்தாலும் முறை கிடக்கவில்லையே.

எழுதியவள் அவள்தான். அதில் எனக்கு ஐயம் போய்விட்டது. ஆனால் என் குணம் சும்மா இருக்குமா? முந்தைய பத்தியில் கல்லறையின் தலைக்கல் வரை எண்ணி எழுதியவன், இதில் மட்டும் நல்ல வாக்கியம் ஒன்றை ஏன் விட்டான்? அவசரமா? அல்லது தாள்கள் ஒன்று போல இருக்கக் கூடாது என்ற தந்திரமா? தந்திரம் என்றே நினைத்தேன். தந்திரக்காரர்களை எனக்குப் பிடிக்காது.

மறுநாள் துறைத் தலைவர் அறைக்கு இருவரையும் வரவழைத்தோம். நான் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்து, முன்பத்தியின் முடிவையும் பின்பத்தியின் தொடக்கத்தையும் அவருக்குக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு பையனைப் பார்த்தார். நான்தான் கேட்டேன்.

"எல்லாத்தையும் எடுத்தியே, கடைசி வரிய மட்டும் ஏன் விட்ட? எங்களுக்குத் தெரியாதுன்னா?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். காது சிவந்துவிட்டது.

"அது எங்க ஊட்டப் பத்தி எழுதினது மேம். எங்க நைனா தான் படுத்துக்கினு கீறாரு. அத்த எப்டி நான் எழுதறது?"

அந்தப் பெண் அவனைப் பார்த்து, "அத்தப் படிச்சா உனுக்கு வலிக்கும்னு நான் நெனைக்கல," என்றாள். பிறகு எங்களிடம் திரும்பினாள்.

"அவன் காப்பியடிக்கல மேம், நாந்தான் குடுத்தேன். ஒரு மாசமா ஆஸ்பத்திரியும் ஊடுமா அலைஞ்சிக்கினு கீறான். அவங்க பாடு அன்னிக்கு எங்க நைனா போயி வலை கட்டி பங்கு குடுத்துட்டு வராரு. நான் இன்னா குடுக்கறது? என்னுதுல அந்தப் பத்திதான் நல்லா இருந்துச்சு. அத்தக் குடுத்தேன்."

"இத முதல்லயே ஏம்மா சொல்லல?" என்றார் துறைத் தலைவர்.

"பங்கு குடுத்தத வெளிய சொல்லமாட்டாங்க சார்."

கட்டுரை என்றால் ஒருவருடைய சொந்த உழைப்பு, பங்கு போட முடியாத பொருள் என்று வகுப்பில் எத்தனை தடவை சொல்லியிருப்போம்! அவளுக்கு அது காதில் விழாமல் இல்லை. ஏரியில் நடப்பது இங்கேயும் நடக்கும் என்று நம்பிவிட்டாள். நல்ல இறாலாகப் பொறுக்கிக் கொடுப்பது போல, தன் கட்டுரையின் நல்ல பத்தியைப் பொறுக்கிக் கொடுத்திருக்கிறாள். அவனோ பங்கை வாங்கிக்கொண்டு, அதிலிருந்து தன் வீட்டின் பெயரை மட்டும் கிள்ளி எடுத்துவிட்டான்.

துறைத் தலைவர் கண்டிப்பானவர், கல் நெஞ்சக்காரர் இல்லை. பெண்ணின் தாளை வாங்கி அந்தச் சிவப்பு வளையத்தைக் கோடு போட்டு அடித்தார். ஓரத்தில் இருந்த 'யூனிட்டி இல்லை' என்பதில் 'இல்லை'யை அடித்தார். இனிமேல் ஒரு வரியைக்கூட யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று அவளை நன்றாகவே திட்டினார். பையன் அங்கேயே உட்கார்ந்து புதிதாக எழுத வேண்டும், அப்போதுதான் மார்க் என்றார். வீட்டுக்குச் செய்தி போகாது என்று அவர் சொன்னதும் அவள் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பையன் ஸ்டாஃப் ரூமில் என் எதிரே உட்கார்ந்து எழுதினான். நான் தலையைத் தூக்காமல் வேறு தாள் திருத்துவது போல இருந்தேன், கண் முழுக்க அவன் மேல்தான். போன் எடுக்கிறானா, சட்டைப்பையில் கை போகிறதா என்று பார்த்தேன். போகவில்லை. நெடுநேரம் வெறும் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு விடாமல் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான்.

அவன் போனதும் அவளுடைய தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். குணம் போகுமா? வரி வரியாக ஒப்பிட்டேன். ஒன்றுகூட ஒத்துப்போகவில்லை. காலம் தப்பிய வினைகள், கல்லறைப் பத்தியில்கூட வராத புதுப் பிழைகள். எனக்கு அவற்றைப் பார்க்கப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. அந்தப் பிழைகளை யாரும் யாருக்கும் கொடுத்திருக்க முடியாது.

கல்லறை இல்லை, பூநாரை இல்லை. முதல் பத்தியின் டாபிக் சென்டென்ஸ் இப்படி இருந்தது: 'என் அப்பா ஏரிக்குப் போகாத நாட்களிலும் எங்கள் வீட்டுக்கு மீன் வருகிறது.' அதற்குக் கீழே இருந்த எந்த வாக்கியமும் அதை விட்டு விலகவில்லை.