சிவப்பு மையில் எழுதிய ஒவ்வாமை

எங்கள் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டருக்கு மாறியபோது, பழைய ஃபைல்களில் இருக்கும் ஒவ்வாமைக் குறிப்புகளை ஒரே பட்டியலாக்கும் வேலை என் தலையில் விழுந்தது. நான் அங்கே பதினாறு வருஷ நர்ஸ். இளிச்சவாய் என்று நெற்றியில் எழுதியிருக்கும் போல.

எந்த மருந்து, என்ன ஆனது, எவ்வளவு கடுமை, யார் உறுதி செய்தது என்று நான்கு கட்டம். ஃபைலைப் பார்த்துக் காப்பியடிக்கக் கூடாது, நோயாளியைக் கேட்க வேண்டும். கேட்டால், "கத்தரிக்கா சேராது, பாத்துக்கங்க" என்பார்கள். ஊசி போட்டதும் மயக்கம் வந்ததை ஒவ்வாமை என்பார்கள். மூச்சே நின்றுபோனதை மறந்திருப்பார்கள். ஒரு நாளைக்குப் பத்து ஃபைல் முடிப்பதற்குள் எனக்குக் கண்ணும் இடுப்பும் விட்டுப்போகும்.

சோழவந்தான்காரம்மா ஒருவர் பித்தப்பைக் கல் ஆபரேஷனுக்காக அட்மிட் ஆகியிருந்தார். ஐம்பது வயதிருக்கும், வெற்றிலைக் கொடிக்கால் வேலை. ஃபைல் அட்டையில் சிவப்பு மையில் 'பென்சிலின் அலர்ஜி'. யார் எழுதியது, என்ன ஆனது, ஒன்றும் இல்லை. உள்ளே ஒரு டிஸ்சார்ஜ் சீட்டில் 'ஒவ்வாமை எதுவும் இல்லை'. இன்னொரு தாளில் வலி ஊசிக்கு வாந்தி. கூடவே அவர்கள் ஊர் கிளினிக்கின் நீள நோட்டு ஒன்று. அதில் அமாக்சிசிலின் மாத்திரை விழுங்கிய அரை மணியில் உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல், அட்ரினலின் ஊசி போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது என்று தெளிவாக இருந்தது. அமாக்சிசிலின் பென்சிலின் வகைதான். சிவப்பு மை சரி என்று நிம்மதியாக எழுதப் போனேன்.

சனியன், பக்கத்தைத் திருப்பித் தொலைத்தேன். அடுத்த வருஷத் தேதியில் பல்வலிக்கு அதே அமாக்சிசிலின், ஐந்து நாள். பிறகு இரண்டு முறை. ஒன்றும் ஆகவில்லை. அப்படி மூச்சு அடைத்தவருக்கு அதே டாக்டர் அதே மாத்திரையைத் திரும்ப எழுதுவாரா? நோட்டின் அட்டையைப் பார்த்தேன். அந்தம்மாவின் வீட்டுக்காரர் பெயர் இருந்தது. எங்கள் பக்கத்தில் குடும்பத்துக்கே ஒரு நோட்டுதான். யாருக்குச் சீக்கு வந்தாலும் அதைத்தான் தூக்கிக்கொண்டு போவார்கள். யாருக்கு எழுதியது என்று பக்கத்தில் இருக்காது.

நோட்டோடு வார்டுக்குப் போனேன். "யக்கா, உதடு வீங்குனது உங்களுக்கா?"

"ஆமாம்மா, எனக்குத்தான்."

"அப்புறம் பல்லுக்கு அதே மாத்திரையைத் தின்னுருக்கீங்களே?"

நோட்டை என் கையிலிருந்து வாங்கி மூடினார். பிறகு மெதுவாகச் சொன்னார். "பல்லுக்குத் தின்னது நான். உதடு வீங்குனது என் மகளுக்குத்தாம்மா. அப்ப பன்னெண்டு வயசு. பல வருசம் கழிச்சு நான் காய்ச்சல்ல இங்க படுத்துருந்தப்ப அவளுக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டிருந்தோம். நர்சம்மா நோட்டைப் பாத்து ஒனக்கான்னு கேட்டாங்க. பக்கத்துக் கட்டில்ல சொந்தக்காரி கேட்டுக்கிட்டிருந்தா. ஆமான்னுட்டேன். சீக்குப் புள்ளன்னு தெரிஞ்சா யாரு கட்டுவா?"

"மக இப்ப எங்க இருக்கு?"

"அலங்காநல்லூர்ல. மாசமா இருக்கா. அடுத்த வாரம் ஆபரேஷன் பண்ணித்தான் பிள்ளை எடுக்கணுமாம்." பிள்ளை எடுக்கும் முன் கிருமி தொற்றாமலிருக்க ஒரு ஊசி போடுவார்கள், அது பென்சிலின் வகையாகவும் இருக்கலாம். அது எந்த மருந்து என்று முடிவெடுக்கும்போது அந்த ஆஸ்பத்திரியில் அவள் சீட்டில் ஒன்றுமே இருக்காது.

"என் பேர்லயே இருந்துட்டுப் போகட்டுமேம்மா," என்றார். களைப்பில் எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. "ஒம் பேர்ல இருந்தா அவளுக்கு மூச்சு வந்துருமா?" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அவர் அழுதுகொண்டே மகளுக்குப் போன் போட்டார். நான் ஸ்பீக்கரில் வைத்துப் பேசினேன். நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புவதாகவும், மருந்தின் பெயர், என்ன ஆனது, எவ்வளவு மோசமாக ஆனது, மூன்றையும் இன்றைக்கே அந்த டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்றும் சொன்னேன்.

"எனக்கு நெனப்பு இருக்கு சிஸ்டர்," என்றாள் அந்தப் பெண். "அங்க கேட்டப்பல்லாம் இல்லன்னுதான் சொன்னேன். யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு அம்மா தலைல அடிச்சு சத்தியம் வாங்கிருச்சு."

"வீட்டுக்காரரு பக்கத்துல இருக்காரா? அவருக்குத் தெரிஞ்சிரும்னு பயப்படாத."

"அவருக்குக் கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும். நான்தான் சொன்னேன். அம்மாவுக்காகத்தான் ரெண்டு பேரும் வெளிய சொல்லல."

படத்தை அனுப்பினேன். மயக்க மருந்து டாக்டர் வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் மறுபடி கேட்டு, பென்சிலினை நீக்கிக் கையெழுத்துப் போட்டார். வலி ஊசிக்கு வந்த வாந்தி பக்கவிளைவு, ஒவ்வாமை இல்லை என்று எழுதிக்கொண்டேன். சாயந்திரம் மகளிடமிருந்து படம் வந்தது. அவள் சீட்டின் மேலே எல்லாம் எழுதி டாக்டர் கையெழுத்து இருந்தது. அம்மாவிடம் காட்டினேன்.

"மாப்பிள்ளைக்கே தெரிஞ்சிருக்கு. அப்ப இம்புட்டு வருசமா நான் யாருக்காகம்மா மறைச்சேன்?" என்று கேட்டார்.