அட்டவணையில் ஆறு ஆண்டுகள்

கற்பிட்டியில் ஒரு பாடசாலை நூலகத்துக்காக, ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கை வரலாற்றை எளிய தமிழில் மொழிபெயர்த்துக் கொடுத்தேன். கடைசிப் பக்கத்தில் நானே தொகுத்த ஆண்டு அட்டவணை இருந்தது. அதில் பட்டத்துக்கும் முதல் கண்டுபிடிப்புக்கும் நடுவே ஆறு ஆண்டுகளுக்கு ஒன்றுமே இல்லை.

நூலகத்துக்குப் பொறுப்பான டீச்சர் அந்த இடத்தில் விரலை வைத்தார். "இதை விட்டுப்போட்டீங்களோ சேர்? 'ஆய்வைத் தொடர்ந்தார்' எண்டு போடுங்களன். பிள்ளைகள் பிழையெண்டு நினைக்கும்."

எனக்கு எரிச்சல் வந்தது. நூலில் இல்லாத ஆய்வை எப்படி எழுதுவது? ஆங்கில நூலைப் புரட்டினேன். யுத்தத்தில் ஊரைவிட்டு ஓடி, அந்த ஆறு ஆண்டுகளும் அகதி முகாமில் இருந்தார் என்று ஒரே ஒரு வரி இருந்தது. நான்தான் அதை அட்டவணையில் சேர்க்கவில்லை.

"அகதி முகாமில் இருந்தார். ஆய்வு செய்ய முடியவில்லை" என்று அங்கேயே எழுதிக் கொடுத்தேன்.

டீச்சர் தொண்ணூறாம் ஆண்டு வடக்கு முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து குடும்பத்தோடு வெளியேற்றப்பட்டு, இங்கே அகதி முகாமில் வளர்ந்தவர். அந்த வரியை இரண்டு தரம் வாசித்தார்.

"என்ட வாப்பாவும் என்னைப்போல பள்ளிக்கூடத்தில படிப்பிச்சவர்தான் சேர்," என்றார். "இந்த மனிசனுக்கு முகாம் ஆறு வருசத்தோட முடிஞ்சிருக்கு. வாப்பா உயிரோட வெளிய வரல்ல, முகாமிலதான் மௌத்தானவர்."