சிவப்பு வட்டம்

துடியலூரில் இணைய இணைப்பு தரும் ஒரு சின்ன நிறுவனத்தில் புகார்களைப் பார்ப்பது என் வேலை. சோமனூரில் துணி வியாபாரம் செய்யும் வாடிக்கையாளர் ஒருவர், சென்னையிலிருக்கும் தன் சர்வர் ரொம்ப மெதுவாகத் திறக்கிறது என்று ட்ரேஸ்ரூட் சோதனையின் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். வழியிலுள்ள ஒவ்வொரு ரவுட்டருக்கும் அதில் ஒரு வரி, பதில் வர ஆன நேரத்தோடு. நான்காவது வரியில் எங்கள் ரவுட்டர், 180 மில்லிசெகண்ட். அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்.

கோளாறு அங்கே இல்லை. அடுத்த வரியிலேயே நேரம் பன்னிரண்டுக்கு இறங்கிவிட்டது. எங்கள் ரவுட்டர் சோதனைக்குப் பதில் சொல்லத்தான் தாமதித்தது. தன் வழியாகப் போவதைத் தடுக்கவில்லை. எட்டாவது வரியில் 190க்கு ஏறியதுதான் கடைசிவரை இறங்கவேயில்லை. ஏழும் எட்டும் எங்களுக்கு இணைப்பு விற்கும் பெரிய நிறுவனத்தின் ரவுட்டர்கள்.

இதையெல்லாம் விளக்கி, படத்தோடு அவர்களுக்கு அனுப்பினேன். எழுதியதை எவன் படித்தான்? ‘வட்டமிட்ட ரவுட்டர் உங்களுடையது’ என்று புகாரை மூடிவிட்டார்கள்.

வாடிக்கையாளரிடம் வட்டமில்லாத படம் கேட்டேன். புதிதாக எடுத்து, இன்னும் தடிமனாக வட்டம் போட்டு அனுப்பினார். நானே வட்டத்தை அழித்து மறுபடி புகார் கொடுத்தேன். ‘ஏற்கெனவே பதில் சொன்ன புகார்’ என்று அதையும் மூடினார்கள்.

சாயங்காலம் வாடிக்கையாளர் போன் செய்தார். குரலில் கோபம்கூட இல்லை.

“ஏனுங்க, வட்டம் போட்டுக் காட்டியும் உங்களுக்குத் தெரியலீங்களா?”