மஞ்சளை எடுத்த பிறகு

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் என் கடை. பழைய போட்டோக்களை ஸ்கேன் செய்து, சரிப்படுத்தி, பெரிதாக்கிக் கொடுப்பதுதான் வேலை. அன்று காலை ஆவுடையார்கோவில் பக்கத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். துபாயிலிருந்து லீவில் வந்திருந்த மகன், அவனுடைய தங்கை, இருவருக்கும் அப்பா. மகன் கையில் துண்டு சுற்றிய ஒரு கண்ணாடிச் சட்டம் இருந்தது.

"இது எங்க அம்மா, அக்கா. எனக்கு நெனவு தெரியிறதுக்கு முன்னாடியே போயிட்டாங்க. இருக்குறது இந்த ஒரு படம்தான். நாளைக்குக் காலையில தங்கச்சியப் பொண்ணு பாக்க வாராங்க. புது வீட்டு ஹால்ல பெருசா மாட்டணும். சாயங்காலத்துக்குள்ள குடுத்துருங்க."

சட்டத்தைப் பிரித்தேன். ஸ்டுடியோவில் எடுத்த கலர் படம். நாற்காலியில் அந்த அம்மா, பக்கத்தில் வெள்ளை வேட்டி சட்டையில் இந்த அப்பா, பின்னால் வெளிர் நிறத் திரை. பின்பக்கம் வைத்திருந்த அட்டை ஈரத்தில் ஊறி, அதன் பழுப்பு படத்தில் இறங்கியிருந்தது. ஒரே மாதிரி இறங்கியிருந்தால் கவலையில்லை. இடது பக்கம் கீழே டீக்கறை போல, நடுவில் மேகம் மேகமாக, வலது ஓரத்தில் லேசாக. அம்மாவின் முகம் சரியாக அந்த மேகத்துக்குள் இருந்தது.

மகனுக்குப் பொறுமை இல்லை. ஸ்கேன் முடிந்ததுமே, "ஆட்டோ கலர்னு ஒண்ணு இருக்குமேக்கா, தானா நெறத்தச் சரி பண்ணுமே, அதைப் போடுங்க. என் போன்லயே நொடியில வருது" என்றான்.

போட்டுக் காட்டினேன். வேட்டியின் ஒரு பக்கம் வெளுத்தது, மறுபக்கம் மஞ்சளாகவே நின்றது. அம்மாவின் மாம்பழ நிறப் பட்டு சுண்ணாம்பு பூசியதுபோல ஆனது. முகத்தில் பூசியிருந்த மஞ்சள் போய், உதடு சாம்பல் நிறமானது. பின்னால் ஸ்டூலில் இருந்த பெரியவர், அவர்களின் அப்பா, எழுந்து வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"கடைசியா அவளப் படுக்க வச்சிருந்தப்ப இப்படித்தான் இருந்தா" என்றார்.

நான் அதை உடனே அழித்தேன்.

"தம்பி, கொஞ்சம் நேரம் குடுங்க. இதுல போக வேண்டிய மஞ்சளும் இருக்கு, இருக்க வேண்டிய மஞ்சளும் இருக்கு" என்றேன்.

மஞ்சள் ஏறிய இடத்தில் நீலம் குறைந்திருக்கும். அதனால் கம்ப்யூட்டர் ஒரு படத்தைப் பிரித்து வைக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று அடுக்குகளில் நீலத்தை மட்டும் தனியாக, கறுப்பு வெள்ளையாகத் திறந்தேன். கறை இருக்கும் இடமெல்லாம் இருட்டாகத் தெரிந்தது. வெள்ளை என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தவை வேட்டியும் சட்டையும்தான். பின்னால் தொங்கிய திரை என்ன நிறமோ, அதை நம்பக் கூடாது. வேட்டியின் கீழ் மடிப்பில் நீலத்தை நிறைய ஏற்ற வேண்டியிருந்தது. வலது தோளில் கொஞ்சம் போதும். வெளிச்சமான இடங்களில் அதிகமாகவும், நிழலில் குறைவாகவும் ஏற்றினேன். நிழலிலும் அதே அளவு ஏற்றினால் கூந்தல் நீலம் பாரித்துவிடும். பெரிய மெல்லிய பிரஷ்ஷால், கறை எங்கே எவ்வளவோ அங்கே அவ்வளவு திருத்தம் விழும்படி தடவிக்கொண்டே போனேன். சேலைக்கென்று தனியாக எதுவும் செய்யவில்லை. சுற்றியிருக்கும் வெள்ளை சமமானால் பட்டு தன் நிறத்துக்குத் தானே வந்துவிடும். வந்தது.

மதியம் தாண்டியிருந்தது. மகன் மணியைப் பார்த்துக்கொண்டே வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தான். தங்கை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்த வெயிலிலும் மணிக்கட்டு வரை கை வைத்த ரவிக்கை.

முகத்துக்கு வந்தேன். மேகம் விலகி, மஞ்சள் பூசிய மாநிறக் கன்னம் தெரிந்தது. ஆனால் வலது தாடையோரம் ஒரு வெளிறல் மட்டும் போகவில்லை. கறை ஏறாத இடமாக இருக்கும் என்று அங்கே திருத்தத்தைக் குறைத்துப் பார்த்தேன். பின்னாலிருந்த திரை மஞ்சளானது, வெளிறல் அப்படியே நின்றது.

பெரிதாக்கிப் பார்த்தேன். கறைக்கு எல்லை கிடையாது. திரை, தலைமுடி, தோள் என்று எல்லாவற்றின் மேலும் ஒன்றுபோலப் பரவும். இது தாடையின் கோட்டோடு நின்றுவிட்டது. தாடையை ஒட்டித் தெரிந்த பின்திரையில் ஒரு சுவடும் இல்லை. சிவப்பு அடுக்கையும் பச்சை அடுக்கையும் தனித்தனியே திறந்தேன். கறை அவற்றில் அநேகமாகத் தெரியவில்லை. இந்த வெளிறல் இரண்டிலும் தெரிந்தது. இது தாளில் வந்ததல்ல, தோலில் இருந்தது.

எப்படிக் கேட்பது என்று தெரியாமல் கை நின்றுவிட்டது. மகன் பின்னால் வந்து குனிந்தான்.

"அந்தக் கறையையும் எடுத்துருங்கக்கா."

"தம்பி, இது கறை மாதிரி தெரியல. அம்மாவுக்கு இங்க ஏதாவது..."

"வெண்புள்ளி" என்றார் பெரியவர் வாசலிலிருந்து. "கல்யாணமான மறு வருசம் வந்துச்சு. வெளிய போனா முந்தானைய இழுத்து மூடிக்குவா. போட்டோ எடுத்த அன்னைக்கு நாந்தான் மூடாதன்னு சொன்னேன்."

மகனின் முகம் இறுகியது. "இத்தன வருசமா ஏன்ப்பா சொல்லல?"

"ஒன் சித்தப்பன் வீட்டுல சொல்ல வேணாம்னாங்க. பொம்பளப் புள்ள இருக்கு, தெரிஞ்சா கட்டிக்க யாரும் வர மாட்டாங்கன்னாங்க."

அப்போதுதான் என் பக்கத்தில் இருந்த பெண் அழுகிறாள் என்று தெரிந்தது. சத்தமில்லை. இடது கையின் பட்டனைக் கழற்றி, துணியை மேலே ஏற்றினாள். மணிக்கட்டுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை.

"எனக்கு மட்டுந்தான்னு நெனச்சேன்ப்பா" என்றாள். "நான் என்ன பாவம் பண்ணேன்னு கேக்காத கோயில் இல்ல."

அண்ணன் அவளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். "அக்கா, அதை எடுத்துருங்க. நாளைக்கு வாரவங்க படத்தப் பாத்துட்டு இவ கையையும் கேப்பாங்க. எல்லாம் முடிஞ்சிரும்."

"இருக்கட்டும்ணே" என்றாள் அவள். "எங்க அம்மா மொகத்த அழிச்சிட்டு எனக்கு மாப்பிள்ள வேணாம்."

"நீ சும்மா இரு! அக்கா, காசு குடுக்குறது நான். நான் சொல்றதச் செய்யிங்க."

என் கை மவுஸ் மேல் இருந்தது. பக்கத்துக் கன்னத்தின் தோலை அந்த இடத்தில் ஒட்டி மூட எனக்கு அதிக நேரம் பிடிக்காது. ஆனால் பெரியவர் என் மேஜைக்கே வந்துவிட்டார். மானிட்டரில் அந்தத் தாடையோரத்தில் விரல் நுனியை வைத்தார்.

"அவள அவளா எடுத்துக் குடும்மா" என்றார்.

மகன் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனான். நான் பிரிண்ட் கொடுத்தேன். அது மெஷினிலிருந்து மெதுவாக வெளியே வருவதை நாங்கள் மூவரும் நின்று பார்த்தோம். பட்டு மாம்பழ நிறத்தில், வேட்டி வெள்ளையாக, கன்னத்தில் மஞ்சள், தாடையில் புள்ளி. சட்டம் போட்டு முடிக்கும்போது மகன் திரும்பி வந்தான். படத்தை ஒரு முறை பார்த்தான். அதைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினான்.

அந்த இரவு முழுவதும் ஒரு பெண்ணின் கல்யாணத்தில் நான் கை வைத்துவிட்டேனோ என்று உறுத்தியது.

சில வாரம் கழித்து அவளே வந்தாள். நேரே கேட்டேன்.

"வந்தாங்க. படத்தப் பாத்தாங்க. நானே கையைக் காட்டிட்டேன். சொல்லி அனுப்புறோம்னு போனாங்க. சொல்லல." கைப்பையை என் மேஜையில் வைத்தாள். "ரெண்டு நாள் அழுதேன்க்கா. அப்புறம் டவுன் ஆஸ்பத்திரியில தோல் டாக்டரப் பாத்தோம். இது ஒட்டுற வியாதி இல்ல, வைத்தியம் இருக்குன்னாங்க. அண்ணந்தான் கூட்டிட்டுப் போச்சு."

அவன் துபாய்க்குத் திரும்பிவிட்டானாம். அம்மாவின் படத்தைப் போனில் வைத்துக்கொள்ளக் கேட்டிருக்கிறானாம். பைலைத் தேடி அவள் நம்பருக்கு அனுப்பினேன். அவள் அங்கேயே நின்று அதை அண்ணனுக்கு அனுப்பிவிட்டு, அரைக்கை ரவிக்கையோடு வெயிலில் இறங்கிப் போனாள்.