பூட்டிய வீடுகளின் பூஜ்யம்

நெய்வேலி சுரங்கத்தின் கான்ட்ராக்ட் தொழிலாளர்கள் குடியிருந்த ஒரு தெருவில், தண்ணீர் எடுத்துவர எவ்வளவு நேரம் ஆகிறது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதும் வேலை எனக்கு. தெருவின் சராசரி அரைமணியைத் தாண்டினால் தண்ணீர் லாரி வரும். பத்து வீட்டில் நான்கு வீட்டார் நாற்பது நிமிடம் என்றார்கள். மற்ற ஆறும் பூட்டியிருந்தன. அவற்றுக்கு நேரே காலியாக விட்டேன்.

சராசரி பதினாறு நிமிடம் என்று வந்ததும் தூக்கிவாரிப்போட்டது. கணினியில் ஏற்றிய பெண்ணிடம் கேட்டேன்.

“காலியா வுட்டா அடுத்த வூட்டுக்கே போவ மாட்டேங்குதுண்ணா. அதான் சைபர் போட்டேன்.”

பதில் கிடைக்காத வீடெல்லாம் தண்ணீருக்கு நடக்கவே வேண்டாத வீடாகிவிட்டன. பதில் சொன்ன நால்வரை மட்டும் கணக்கில் எடுத்திருந்தால் நாற்பது வந்திருக்கும்.

எங்கள் மேலாளர் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். “நீங்க சொல்றது சரிதாங்க. ஆனா லாரியெல்லாம் பிரிச்சுக் குடுத்தாச்சு. அடுத்த சர்வேல பாத்துக்கலாம்.”

அது எப்போது என்று அவருக்கும் தெரியவில்லை.

தெருவில் போய்ச் சொன்னேன். பூட்டியிருந்த வீடொன்றின் அக்கா காலிக் குடத்தோடு நின்று கேட்டார்.

“அன்னிக்கு வூட்டப் பூட்டிக்கினு எங்க போயிருப்பேன்? தண்ணிக்குத்தான். போவட்டும் தம்பி, உங்க கம்ப்யூட்டர்லயாவது எங்க வாசல்ல கொழா இருக்குதே.”

சிரித்துக்கொண்டே அடுத்த நடைக்குக் கிளம்பினார். பிறகு பல முறை அந்தப் பக்கம் போயிருக்கிறேன். லாரி வரவே இல்லை.