நண்டு வலையை விட்டு வந்த கணம்

உப்புக்குளத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் ஒரு பெண், மன்னார்க் கரையைப் பற்றி ஒரு நிமிடத்துக்குள் அடங்கும் நிலைக்குத்து வீடியோக்கள் போடத் தொடங்கினார். எழுதுவதும் குரல் கொடுப்பதும் என் வேலை. ஆறு வீடியோ வெளிவந்தபின், ஏழாவதையும் ஆட்கள் பாதியில் விட்டுப் போனால் வேறு குரல் தேடப் போவதாகச் சொன்னார். அவருடைய ஒன்றுவிட்ட தம்பி வானொலியில் அறிவிப்பாளர் என்பது எனக்கு அப்போதே நினைவுக்கு வந்தது.

ஆதாரமாகத் தன் கைபேசியில் ஒரு கோட்டைக் காட்டினார். எந்த விநாடியில் எத்தனை வீதம் பேர் இன்னும் பார்க்கிறார்கள் என்பதைச் சொல்லும் கோடு. அது தொடக்கத்திலேயே கிணற்றுக்குள் விழுந்ததுபோல் இறங்கியது. அவர் ஆக மோசமானதைத்தான் தெரிந்தெடுத்துக் காட்டுகிறார் என்று நினைத்து, ஆறு வீடியோவின் கோடுகளையும் திறக்கச் சொன்னேன். எல்லாம் ஒரே மாதிரித்தான்.

"சேர், நீங்கள் வாய் திறக்க முன்னமே ஆக்கள் தள்ளிவிட்டுட்டுப் போயிட்டினம்."

"நெட்வேர்க் பிழையா இருக்கும்."

"உங்கட குரல் வாறதுக்கு முன்னம் மட்டும் நெட்வேர்க் பிழைக்குதோ?"

பிழை என் பழக்கத்தில் இருந்தது. பல வருடங்களாக மாதா கோவில் பூசையில் வேதாகம வாசகம் வாசிக்கிறேன். மேடைக்குப் போய், சனங்கள் இருந்து அமைதியாகும் வரை பொறுத்து, பிறகுதான் தொடங்குவேன். ஒலிவாங்கிக்கு முன்னாலும் அதையே செய்திருக்கிறேன். அதன்பின் வருவது திகதி. திகதி சொல்லாமல் ஒரு விஷயத்தைத் தொடங்குவது எனக்கு மரியாதைக் குறைவாகப் படும்.

ஏழாவது வீடியோ பேசாலையில் நண்டு வலை கழற்றும் பெண்களைப் பற்றியது. அவர் வெட்டித் தந்ததைக் கேட்டபோது என் குரல் மூச்சு விடாமல் ஓடுகிறவன் பேசுவதுபோல் இருந்தது. என் வசனங்களைத் தின்றுவிட்டார் என்று சந்தேகப்பட்டு, எழுதிய தாளை வைத்துச் சொல்லுக்குச் சொல் பார்த்தேன். ஒரு சொல்லும் குறையவில்லை. இடைவெளிகள்தான் போயிருந்தன. படம் மட்டும் கண் சிமிட்டும் நேரத்துக்கு ஒருதரம் மாறியது. ஒரு பெண் வலைக்குள் சிக்கிய நண்டைக் கால் முறியாமல் எடுப்பதைக்கூட ஐந்து துண்டாக்கியிருந்தார்.

"கால் முறிஞ்சா விலை போகாது எண்டுதானே அந்த மனிசி அவ்வளவு பக்குவமா எடுக்குது. அதை வெட்டினா என்ன தெரியும்?" என்றேன்.

"வெட்டாமல் விட்டா ஆக்கள் இருக்காயினம் சேர். நீங்கள் திரும்பக் கோவிலுக்கே போறீங்கள்."

கடைசியில் இரண்டையும் போடுவதென்று முடிவாயிற்று. முதலில் துண்டு துண்டானது, சில நாள் கழித்து, நண்டுக் காட்சியை வெட்டாமல் விட்டது. வேறு வேறு நாளில் போடுவது சரியான சோதனை அல்ல என்று சொன்னேன். அது தனக்கும் தெரியும் என்றார்.

முதலாவதில் தொடக்கத்து விழுகை குறைந்திருந்தது. அதை நான் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் நடுவில் கோடு படிப்படியாகச் சரிந்துகொண்டே போனது. இரண்டாவதில் நண்டுக் காட்சி முழுவதும் கோடு மேசைபோல் மட்டமாக நின்றது. ஒரு வெட்டும் இல்லை. கால் முறியுமா, முறியாதா? அதைப் பார்க்கத்தான் இருந்திருக்கிறார்கள்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் கோட்டின் மிச்சத்தையும் காட்டினார். நண்டு முழுதாக வெளியே வந்த கணத்தில் கோடு செங்குத்தாக விழுந்திருந்தது. இந்தக் கரைக்கு நண்டு வலை வந்த கதையும், நான் தேடி எடுத்த திகதியும் அதற்குப் பின்னால்தான் இருந்தன. யாரும் கேட்கவில்லை.

"வேணுமெண்டுதானே அதைப் பின்னுக்குத் தள்ளினனீங்கள்?"

"தாளைப் பாருங்கோ. அந்த ஒழுங்கில எழுதினது நீங்கள்."

உண்மைதான். முக்கியமானது கடைசியில் வரவேண்டும் என்று நானே வைத்தது.

அன்றே மாற்றி எழுதினேன். முதல் வசனம், "இந்த நண்டுக்கு ஒரு கால் முறிஞ்சாலும் இவவுக்கு நட்டம்." படமும் குரலும் ஒன்றாகத் தொடங்கின. நண்டு வலைக்குள் கிடக்கும்போதே வலை வந்த கதையைச் சொன்னேன். திகதியில் நாளையும் மாதத்தையும் விட்டு வருடத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். அது சுலபமாக இருக்கவில்லை. நண்டு வெளியே வந்ததும் வீடியோ முடிந்தது. அதன்பின் ஒரு சொல்லும் இல்லை.

மூன்றாம் தரமாக அதைப் போட்டபோது கோடு கடைசி வரை பெரிதாக இறங்கவில்லை. முருங்கனிலிருந்து ஒருவர், வருடம் பிழை என்று வீடியோவின் கீழே எழுதிச் சண்டைக்கு வந்திருந்தார். ஏழு வீடியோவில் நான் சொன்னதைக் கேட்டு மறுத்த முதல் ஆள் அவர்தான்.

"எட்டாவதுக்கு எழுதுங்கோ," என்றார் வீடியோ எடுப்பவர்.

"குரல்? உங்கட தம்பியோ?"

"அவன் உங்களைவிட மோசம் சேர், செய்தி வாசிக்கிற மாதிரித்தான் கதைப்பான். நீங்களே செய்யுங்கோ. ஆனா வாசிக்காதேங்கோ, கதையுங்கோ."

நான் வீடியோ போடும் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டேன், கோட்டை நானே பார்க்க. அவர் தரவில்லை. ஏன் தரவில்லை என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.